கெட்டா, கேட்டா

"உனக்குத் தமிழ் எழுத வருமா, இல்ல பேச மட்டும்தானா?"

மதலைமுத்து சார் என்னிடம் முதலில் கேட்டது இதைத்தான். பெங்களூரில் அது நியாயமான கேள்வி. இங்கே வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் பலர் பள்ளியில் கன்னடமோ இங்கிலீஷோ படித்தவர்கள். தமிழில் கல்யாணப் பத்திரிகை வந்தால் வாசித்துச் சொல்ல ஆள் தேடுவார்கள்.

நான் தலையாட்டினேன்.

"எதுக்கும்மா ஆட்டற? எழுதறதுக்கா, பேசறதுக்கா?"

அதற்கும் தலையாட்டினேன்.

"சரி, பேச வராதுன்னு தெரிஞ்சுபோச்சு" என்று சிரித்துவிட்டு என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார்.

அது 1997. ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய வீட்டின் மாடியில் அவருடைய விளம்பரக் கம்பெனி இருந்தது. விளம்பரங்களை அவர் இங்கிலீஷில் எழுதுவார். சீனிவாசராகவன் சார் தமிழாக்குவார். நான் அதைக் கம்ப்யூட்டரில் அடிப்பேன். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலை நிச்சயம் என்றார்கள். அந்த மூன்று மாதத்தையும் தாங்கிப் பிடித்தது ஒரே ஒரு தமிழ் கிளையன்ட்: ஓசூரில் தும்பை மிக்ஸி செய்யும் சுந்தரேசன். அவர் போனால் என் கம்ப்யூட்டர் இங்கிலீஷ் விளம்பரம் அடிப்பவர்களுக்குப் போய்விடும். நான் கார்மென்ட்ஸ் ஃபாக்டரிக்குத் துணி தைக்கப் போகவேண்டும். பொம்மசந்திராவில் ஒரு சூப்பர்வைசரிடம் அப்பா ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்.

சீனிவாசராகவன் சார் அரசாங்கத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் சிவப்புப் பேனா இருக்கும். நான் அடித்த எந்தத் தாளும் ஒரு சிவப்புக் கோடாவது வாங்காமல் திரும்பியதில்லை. ஒற்று விட்டிருப்பேன், அல்லது ஒற்று அதிகம் போட்டிருப்பேன். அவர் திட்டமாட்டார். கோடு போடுவார், அவ்வளவுதான்.

அவருக்குத் தெரியாமல் என் பையில் ஒரு நோட்டு இருந்தது. ஒன்பதாம் வகுப்பில், அம்மா படுத்த படுக்கையானபோது பள்ளியை விட்டேன். அந்த வருஷம் தொடங்கிய பழக்கம். எங்கள் சந்தாபுராவிலிருந்து வரும் பஸ்ஸில் பெண்கள் பேசுவதை, அவர்கள் வாயில் வந்தபடியே எழுதி வைப்பேன். 'வந்துவிட்டது' என்று அல்ல, 'வந்துடுச்சு' என்று. பள்ளியில் அப்படி எழுதினால் தப்பு என்று அடித்துவிடுவார்கள். அதனால் யாருக்கும் காட்டியதில்லை. அதுவரை எட்டு நோட்டு முடிந்திருந்தது.

ரேடியோ விளம்பரம் பதிவு செய்யும் நாளன்று தாள்களை எடுத்துக்கொண்டு நானும் ஸ்டுடியோவுக்குப் போனேன். குரல் கொடுக்க ஸ்ரீரஞ்சனி அக்கா வந்திருந்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சவுண்ட் பார்க்கும் கன்னடக்காரர் கிருஷ்ணப்பா, ஸ்டாப் வாட்ச்சோடு. பின்னால் சோபாவில் சுந்தரேசன்.

அக்கா வாசித்தார்:

"இல்லத்தரசிகளே! தங்கள் சமையலறைப் பணிகளை விரைவாகவும் அமைதியாகவும் முடித்துக்கொள்ள உதவும் வகையில் வடிவமைக்கப்பட்டிருக்கிறது தும்பை மிக்ஸி. சட்னி வகைகளை நொடிப்பொழுதில் அரைத்துவிடலாம்…"

இப்படி இன்னும் நான்கு வரி.

"முப்பத்தொண்ணு" என்றார் கிருஷ்ணப்பா. வாங்கியிருந்த நேரம் இருபது செகண்ட்.

இங்கிலீஷில் அது சரியாக இருபதுதான். தமிழில் 'முடித்துக்கொள்ள', 'வடிவமைக்கப்பட்டிருக்கிறது' என்று ஒவ்வொரு வினையும் வால் நீட்டிக்கொண்டு நின்றது. அக்கா வேகமாக வாசித்தார். இருபத்தைந்து. இன்னும் வேகமாக வாசித்தார். மூச்சு வாங்கியது.

"மேடம், ரயில் எத்தனாவது பிளாட்பாரத்துக்கு வருதுன்னும் சொல்லிடுங்க" என்றார் கிருஷ்ணப்பா.

சுந்தரேசன் சிரிக்கவில்லை. "முத்து சார், இது மிக்ஸி விளம்பரமா, மாநிலச் செய்தியா? என் வீட்டுக்காரி இதைக் கேட்டா ரேடியோவை அமத்திட்டுப் போயிடுவா."

மதலைமுத்து சார் திரும்பினார். "சார், ஸ்வல்ப பேச்சுத் தமிழா மாத்திக்கலாமா?"

"பேசறதை அப்படியே எழுதினா அது தமிழ் இல்லை. கொச்சை" என்றார் சீனிவாசராகவன் சார். "ஒரு சொல்லைக்கூட என்னால எடுக்க முடியாது. வேற யாரையாவது பாத்துக்கோங்கோ."

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஸ்ரீரஞ்சனி அக்கா மைக்கில் சொன்னார்: "சார், இப்ப நீங்க சொன்னதே பேச்சுத் தமிழ்தானே!"

கிருஷ்ணப்பா இருமுவதுபோலச் சிரிப்பை மறைத்தார். சீனிவாசராகவன் சாரின் காது சிவந்தது. சுந்தரேசன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒரு மணி நேரம் தரேன். இல்லேன்னா மெட்ராஸ்காரங்ககிட்ட குடுத்துடறேன். தப்பா நினைக்காதீங்க."

எனக்குப் பொம்மசந்திரா கண்முன் வந்தது. நோட்டைப் பிரித்தேன். போன வாரம் பஸ்ஸில் கேட்டது ஒரு பக்கத்தில் இருந்தது. காலையிலேயே வேலையெல்லாம் முடித்துவிட்டு வந்த ஒரு பெண், தோழியிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் 'ஆச்சு, ஆச்சு' என்று அடுக்கினாள். அந்தப் பேச்சின் தாளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். மதலைமுத்து சாரிடம் கொடுக்கத் தைரியம் வரவில்லை. அக்கா தண்ணீர் கேட்டபோது சொம்போடு சேர்த்துத் தாளையும் உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

அக்கா படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "கிருஷ்ணப்பா, டேப்பைப் போடுங்க. ரெண்டு குரலும் நானே பண்றேன்."

"அக்கா, சட்னி அரைக்கலியா? சத்தமே காணோம்!"

"அரைச்சாச்சு, தாளிச்சாச்சு, சாப்ட்டாச்சு!"

"ஐய, எப்போ?"

"நீ பக்கத்து வீட்ல இருக்கும்போதேதான்!"

"எனக்குக் கேக்கவே இல்லியே?"

"கேக்காதுடி. எங்க வீட்ல தும்பை மிக்ஸி வந்தாச்சு!"

"பதினெட்டு" என்றார் கிருஷ்ணப்பா. பிறகு அந்த 'ஆச்சு'வைக் கன்னடத்தில் சொல்லிச் சிரித்தார். "ஆய்த்து, சட்னி ஆய்த்து! எனக்கே புரிஞ்சுடுச்சு சார்."

சுந்தரேசன் சோபாவிலிருந்து எழுந்துவிட்டார். "இன்னொரு தடவை போடுய்யா." மூன்று தடவை கேட்டார். "யாரு எழுதினது?"

ஸ்ரீரஞ்சனி அக்கா கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையை நீட்டி என்னைக் காட்டினார். சீனிவாசராகவன் சார் தம் தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "அப்போ நான் வரேன்" என்று கிளம்பினார். அதன்பிறகு அவர் ஆபீசுக்கு வரவில்லை.

தர்மபுரி ரேடியோவில் அது வந்த பத்தாம் நாள், ஓசூரிலிருந்து வந்த பஸ்ஸில் ஒரு கண்டக்டர், "டிக்கெட் எடுத்தாச்சா, சில்லறை குடுத்தாச்சா, உள்ளே போயாச்சா?" என்று பாடிக்கொண்டே வந்தார். பஸ்ஸே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். காதுவரை சூடாக இருந்தது. அதையும் நோட்டில் எழுதினேன்.

அடுத்த வாரம் சுந்தரேசன் இனிப்புப் பெட்டியோடு வந்தார். தீபாவளிக்குப் பேப்பரில் அரைப்பக்க விளம்பரம். அதிலேயே இரண்டு வருஷ கேரண்டியையும் போடவேண்டும்.

"எல்லாத்தையும் நம்ம பொண்ணு தமிழ்லயே போட்டுடுங்க. தலைப்புலேருந்து கேரண்டி வரைக்கும். ஒரு எழுத்துகூட அந்தச் செய்தித் தமிழ் வேணாம்."

மதலைமுத்து சார் உற்சாகத்தில் கேரண்டியைத் தானே சொன்னார்: 'ரெண்டு வருஷத்துக்குள்ள கெட்டா மாத்தித் தர்றோம்.' நான் அடித்தேன். பிரிண்ட் எடுத்தேன். அவர் படித்தார், சுந்தரேசன் படித்தார். இருவருக்கும் திருப்தி. பேப்பரில் அச்சடிக்க ஃபிலிம் எடுக்கத் தாளை வாங்கிக்கொண்டார்கள்.

தாளைக் கொடுத்தபோதுதான் கேரண்டியில் ஒரு எழுத்து என் கண்ணில் பட்டது. அன்றோடு என் மூன்று மாதம் முடிகிறது. வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை நிச்சயம்.

"வேணாம் சார்" என்றேன்.

மதலைமுத்து சார் நின்றுவிட்டார். அந்த ஆபீசில் நானாகப் பேசிய முதல் வார்த்தை அது.

"என்னம்மா, உன் தமிழையே நீ வேணாங்கறியா?" என்றார் சுந்தரேசன்.

"கேரண்டிக்கு வேணாம் சார். இன்னொரு தடவை படிச்சுப் பாருங்க. எழுத்து எழுத்தா."

சுந்தரேசன் விரல் வைத்து வாசித்தார். "ரெண்டு வருஷத்துக்குள்ள… கே… கேட்டா மாத்தித் தர்றோம்." விரல் அங்கேயே நின்றது. "கேட்டாவா? அடக் கடவுளே! கேட்டவங்களுக்கெல்லாம் புது மிக்ஸியா?"

"கை தவறி ரெட்டைக் கொம்பு போட்டுட்டேன். நான் ரெண்டு தடவை படிச்சேன், நீங்க ரெண்டு பேரும் படிச்சீங்க. யாருக்கும் தப்பாத் தெரியல. அப்படிப் படிச்சாலும் அர்த்தம் வருது. அதான் பயம்."

"அப்ப 'கெட்டால்'னு இலக்கணமாப் போட்டுடு" என்றார் மதலைமுத்து சார்.

"அதுலயும் அதே கொம்புதான் சார். 'பழுதடைந்தால்'னு போட்டா ஒரு எழுத்து மாறினா உடனே தெரிஞ்சிடும், வேற அர்த்தமும் வராது." மூச்சு வாங்கினேன். நிறுத்தினால் திரும்பப் பேச வராது என்று தெரிந்தது. "ரேடியோவுல அக்கா குரல் இருக்கு, எது கெட்டா எது கேட்டான்னு காதுக்குத் தெரியும். பேப்பர்ல குரல் கிடையாது. தலைப்பை மட்டும் பேச்சுல போடலாம். ஒரு பொம்பளை படத்தைப் போட்டு, அதுக்குப் பக்கத்துல, மேற்கோள் குறிக்குள்ள. அவ பேசறான்னு புரியும். அதுக்குக் கீழ கம்பெனி பேசுது. கேரண்டியை வெச்சு நாளைக்கு ஒருத்தர் சண்டைக்கு வருவாரு. அவர்கிட்ட நீட்டற தாள்ல 'தர்றோம்'னு இருந்தா சத்தியம் மாதிரி இருக்காது."

சுந்தரேசன் என்னையே பார்த்தார். பிறகு சத்தமாகச் சிரித்தார். "பேச வராதுன்னீங்களே முத்து சார்!"

"அன்னைக்கு வரல சார்" என்ற மதலைமுத்து சார் என் பக்கம் திரும்பினார்.

"கேரண்டியை நீயே எழுதிடறியாம்மா?"

"எனக்கு அது வராது. சீனிவாசராகவன் சாரைக் கூப்பிடணும்."

மதலைமுத்து சார் போனை எடுத்தார். எடுத்தவர், எண்ணைச் சுழற்றுவதற்கு முன் என்னைப் பார்த்து, "திங்கக்கிழமைலேருந்து நீ டைப்பிஸ்ட் இல்ல. தமிழ் விளம்பரம் எழுதற வேலை உன்னுது. டைப்புக்கு வேற ஆள் பாத்துக்கறேன்" என்றார். சுந்தரேசன் இனிப்புப் பெட்டியைத் திறந்து என் பக்கம் தள்ளினார். நான் இரண்டு மைசூர்பாகு எடுத்தேன். வழக்கமாக ஒன்றுகூட எடுக்கமாட்டேன்.

மறுநாள் காலை சீனிவாசராகவன் சார் வந்தார். நின்றபடியே எழுதிக் கொடுத்தார்: 'வாங்கிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் உற்பத்திக் குறைபாட்டினால் பழுதடைந்தால் மாற்றித் தரப்படும்.' ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அடித்து, விளம்பரம் முழுவதையும் பிரிண்ட் எடுத்து அவர் முன்னால் வைத்தேன். மேலே பெரிய எழுத்தில், மேற்கோள் குறிக்குள், "அரைச்சாச்சு, தாளிச்சாச்சு, சாப்ட்டாச்சு!" கீழே அவருடைய வரி.

அவர் உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தார். முனை 'சாப்ட்டாச்சு'வுக்கு மேலே வந்து நின்றது. முனை மெல்ல நகர்ந்து ஒவ்வொரு எழுத்தாகத் தாண்டிக் கீழே போனது, தம் வரியையும் தாண்டியது, தாளின் ஓரத்துக்கு வந்தது.

பேனாவை மூடினார். தாளை இரண்டு கையாலும் எடுத்து என் மேசையில் நேராக வைத்தார். அதில் எங்குமே சிவப்பு இல்லை. குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.