அம்முவுக்கு ஒரு கட்டம்

“மேக்கப் போட்டா கைத்தழும்பு மறையுமா?” என்று இன்ஸ்டாகிராமில் அம்மு என்ற மணப்பெண் கேட்டிருந்தாள்.

பிந்து தன் இடது மணிக்கட்டைப் பார்த்தாள். கணவன் ஸ்ரீஜித் இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்திய இடம். நேற்றைய ஸ்டோரியில் சேலை மடிக்கும் கை மட்டும்தான் வந்தது. முகம் வரவில்லை. ஆனால் தழும்பு வந்துவிட்டது.

“அவன்தான் அக்கா.”

பிரீனா போனை வாங்கிப் பார்த்தாள். கொட்டாரம் ஊரில் அவள் வீட்டு மாடியில்தான் மணப்பெண் அலங்காரத் தொழில் நடக்கிறது. பிந்துவுக்கு அங்கேயே தங்க ஓர் அறையும், ஸ்டோரி எழுதும் வேலையும். முகவரியை எங்கும் போடுவதில்லை. பதிவு செய்தவர்களிடம் பிரீனா போனில் பேசிய பிறகே வழி அனுப்புவாள். இந்த அம்மு மூன்று முறை வழி கேட்டிருக்கிறாள். ஒரு முறைகூட போனை எடுக்கவில்லை.

“பிளாக் பண்ணுட்டி.”

“வேற பேருல வருவான். இவன் எப்ப வருவான்னு நான் எத்தன நாள் வாசலப் பாத்துட்டுக் கெடக்கது? நானே வரவழைக்கேன்.”

அவன் பக்கத்தில் வரக்கூடாது என்று நாகர்கோவில் நீதிமன்றம் உத்தரவு போட்டிருந்தது. திருவட்டாறில் அவன் அவள் பல்லை உடைத்தபோது அந்தத் தாள் பையில்தான் இருந்தது. பார்த்த சாட்சி இல்லை. “வந்தா சொல்லு” என்றார்கள் ஸ்டேஷனில்.

திங்கள் மத்தியானம் பிந்து ஸ்டோரியில் மூன்று கட்டம் எழுதினாள். நெருங்கிய நண்பர்கள் பட்டியலில் அம்முவை மட்டும் சேர்த்தாள். வேறு யார் கண்ணிலும் அந்த ஸ்டோரி படாது.

முதல் கட்டத்தில் ஒரு கேள்வி: “கல்யாணத் தேதி குறிச்சாச்சா?” இரண்டாவதில் அவள் கை: “தழும்பும் மறையும்.” மூன்றாவதில் லிங்க் ஸ்டிக்கர். கீழே வைத்தால் பதில் எழுதும் பெட்டி மறைக்கும் என்று நடுவில் வைத்து, அதன் மேல் “நேரம் பதிவு செய்ய” என்று எழுதினாள். வாடிக்கையாளர் எங்கே தயங்குகிறாரோ அங்கே ஒரு வரி வேண்டும். இந்த வாடிக்கையாளருக்குப் பெண் குரல் கிடையாது. “போன் பேச வேண்டாம். பதிஞ்ச உடனே வாட்ஸப்பில் வழி வரும்” என்று போட்டாள். லிங்கைத் திறந்தால் ஒரே நேரம்தான் காலி: செவ்வாய் பதினொன்று.

கடைசியில் கை சும்மா இருக்கவில்லை. எல்லா ஸ்டோரிக்கும் எழுதுகிற வரியை இதற்கும் எழுதியது: “முந்தி வந்தா சேலை மடிப்பு இலவசம்.”

பார்த்தவர் ஒன்று. லிங்கைத் தொட்டவர் ஒன்று. பதிவில் பெயர் அம்மு.

பிரீனா ஸ்டேஷனுக்குப் போய்ப் பேசினாள். பதினொன்றுக்குக் கால் மணி இருக்கும்போது வருகிறேன் என்றாள் போலீஸ்காரி நேசபாய்.

செவ்வாய் பத்தேகாலுக்குக் கதவு தட்டப்பட்டது. நேசபாய் என்று நினைத்து பிரீனா திறந்தாள். கதவு அவள் நெற்றியில் இடித்தது. விழுந்தவளைத் தாண்டி ஸ்ரீஜித் உள்ளே வந்தான்.

“முந்தி வந்துட்டேன் மக்கா. இலவசம்னு சொன்னியே?”

முதல் அடியில் பிந்து கண்ணாடியில் போய் மோதினாள். கண்ணாடி உடைந்து தோளில் இறங்கியது. முடியைப் பிடித்துத் தூக்கி மேசையில் அடித்தான். பவுடரும் ரத்தமும் வாய்க்குள் போயின. கழுத்தில் கை விழுந்தபோது அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மேசை ஓரத்தில் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்தாள். முடியை நேராக்க காலையிலேயே சூடாக்கி வைத்த ஸ்ட்ரெய்ட்னர்.

எடுத்து விரித்து அவன் மணிக்கட்டைக் கவ்வி, இரண்டு கையாலும் அழுத்தினாள்.

அவன் ஊளையிட்டான். மறு கையால் அவள் காதில் குத்தினான். அவள் விடவில்லை. தோல் கருகும் நாற்றம் அவளுக்குப் பழகிய நாற்றம்தான். அவன் முழங்கால் மடங்கியது. பின்னாலிருந்து பிரீனா நாற்காலியைத் தூக்கி அவன் முதுகில் இறக்கினாள். அவன் எழப் பார்த்தபோது இன்னொரு தடவையும் இறக்கினாள்.

சொன்னபடி பத்தே முக்காலுக்கு நேசபாய் வந்தாள். அவன் குப்புறக் கிடந்தான். அவன் முதுகில் பிரீனா உட்கார்ந்திருந்தாள்.

“இவதான் சார் வரச்சொன்னா! போன்ல இருக்கு, பாருங்க!” என்று அவன் தரையைப் பார்த்தே கத்தினான்.

நேசபாய் அவன் போனை எடுத்து மூன்று கட்டத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு பிந்துவைப் பார்த்தாள். “ஏட்டி, நீயா இவன வரச்சொன்னது?”

பிந்து வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பினாள். பதிவுப் பக்கத்தைத் திறந்து நீட்டினாள்.

“நான் வரச்சொன்னது அம்முவ. இவன் எதுக்கு வந்தான்னு கேளுங்க.”