முதல் கமாவும் கடைசிக் கமாவும்

எனக்குப் பொறாமைதான். மழுப்பி என்ன ஆகப்போகுது? என் கொழுந்தனார் பொண்டாட்டி, நான் ஏழு வருஷமா வேலை பார்க்கிற அதே ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்துல வந்து சேர்ந்தா. நாலே மாசம். இப்ப எதுக்கெடுத்தாலும் டாக்டரம்மா "சின்னவளைக் கூப்பிடுங்க"ங்கிறாங்க, எனக்குக் காதுல புகை வருது. வீட்டுல என் புருஷன் வேற, சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே, "அவ மூளை கத்தி மாதிரி"ம்பார். அப்ப என் மூளை என்ன, கத்திரிக்காயா?

எங்க வேலை இதுதான். கிளைகள்லேர்ந்து ரிப்போர்ட்டை ஸ்கேன் பண்ணி அனுப்புவாங்க. அதுல உள்ள எண்களைக் கம்ப்யூட்டர் படிச்சு அட்டவணையாக்கும். நாங்க சரிபார்த்து, வெளிநாட்டுல வாங்கின புது மென்பொருள்ல ஏத்தணும். ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணு, அதான் பிளேட்லெட், ரொம்பக் குறைஞ்சவங்களை அது தனியா பட்டியல் போட்டுக் கொடுக்கும். மூணு மணிக்கு அந்தப் பட்டியலைப் பார்த்து ஒவ்வொருத்தரையும் போன்ல கூப்பிட்டு, "உடனே கிளம்பி வாங்க"ன்னு சொல்லணும்.

அன்னிக்கு அவ சாப்பிடப் போனப்ப அட்டவணை திறந்தே கிடந்துச்சு. எட்டிப் பார்த்தேன். ரிப்போர்ட்ல 1,50,000ன்னு இருக்கிறதை இவ 150,000ன்னு வச்சிருக்கா. முதல் கமாவை எடுத்தவ கடைசிக் கமாவை விட்டுட்டா. 85,000, 18,000 எல்லாம் கை படாம அப்படியே இருக்கு. பக்கத்துப் பத்தியில இன்னும் கூத்து. ஹீமோகுளோபின் 11.5ங்கிறது 11,5 ஆகியிருக்கு! புள்ளிக்குப் பதிலா யாராவது கமா போடுவாங்களா?

மாட்டினாடி மகராசின்னு மனசு துள்ளுச்சு. புதுசுல ஏத்துறது இதுவரைக்கும் அவதான், ஆனா பழைய மென்பொருள்ல கமா இருந்தா திணறும், கமாவை எடுத்துட்டுத்தான் ஏத்தணும். இதுகூடத் தெரியாமயா ஏழு வருஷம் குப்பை கொட்டினேன்? தட்டணுப் பத்தியில இருந்த கமா மொத்தத்தையும் ஒரே தட்டுல எடுத்தேன். ஹீமோகுளோபினை அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டு ஏத்திட்டேன். டாக்டரம்மா அறைக்கும் போய், "சின்னவ கமாவைப் பாதியில விட்டிருந்தா, நான்தான் சரி பண்ணேன்"னு போட்டும் கொடுத்துட்டு வந்தேன். சொன்னதும் வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு.

மூணு மணிக்குப் பட்டியல் வந்துச்சு. ஒரு பேர்கூட இல்ல.

"பரவாயில்லையே, இன்னிக்கு எல்லாரும் நல்லா இருக்காங்க"ன்னேன்.

அவ முகம் வெளுத்துப் போச்சு. "அக்கா, ஒரு தையல்காரர் இருந்தாரே? பதினெட்டாயிரம். மூக்குல ரத்தம் வருதுன்னு ஓரத்துல எழுதியிருந்தாங்களே. அவர் எங்கக்கா?"

"கமாவை எல்லாம் எடுத்துட்டேன்"னு சொன்னேன்.

அவ கத்தலை. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். "அக்கா, நமக்குத் தசமப் புள்ளி எப்படியோ இந்த வெளிநாட்டு மென்பொருளுக்குக் கமா அப்படி. 11,5ன்னாதான் இதுக்குப் பதினொன்னரை. தட்டணுவையும் இது ஆயிரக் கணக்குலதான் எண்ணும். 18,000ன்னு இருந்தா பதினெட்டுன்னு படிக்கும், அதாவது பதினெட்டு ஆயிரம். சரியா வரும். லட்சத்துல ரெண்டு கமா வர்றதால ஏத்துக்காது, அதான் முதல் கமாவை மட்டும் எடுத்தேன். நீங்க எடுத்ததுல பதினெட்டாயிரம், பதினெட்டாயிரம் ஆயிரமா போயிடுச்சு. ஐம்பதுக்குக் கீழ இருந்தாத்தான் பட்டியல்ல வரும். மேல எவ்வளவு போனாலும் இது வாயைத் திறக்காது."

சாப்பிடப் போறதுக்கு முன்னாடியே அவ நகல் ஒன்னு எடுத்து வச்சிருந்தா. அதையும் பார்த்தப்ப பத்திக்கிட்டு வந்துச்சு. மறுபடி ஏத்தினா. பட்டியல்ல ஒன்பது பேர். தையல்காரர் முதல் பேர். போன் நம்பரை நான் படிக்க, அவ அழுத்தினா. மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. எடுங்கய்யா, எடுங்கன்னு நான் முணுமுணுத்தேன். அஞ்சாவது மணிக்கு எடுத்தார். "மூக்குல பஞ்சு வச்சுக்கிட்டு தச்சுக்கிட்டிருக்கேம்மா"ன்னார். மெஷினை நிறுத்திட்டு உடனே வரச் சொன்னா.

டாக்டரம்மா வந்தாங்க. "பட்டியல் ஏன் லேட்?"

நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அவ முந்திக்கிட்டா. "என் தப்புதான் மேடம். இந்தக் கமா விஷயத்தை அக்காகிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும்."

பாவி. இதையும் என்னைவிட நல்லா செஞ்சுட்டா.

சாயங்காலம் தையல்காரரைப் படுக்கையில சேர்த்து ஊசி குழாய் எல்லாம் போட்டாச்சுன்னு தெரிஞ்சுதான் வீட்டுக்கு வந்தேன். சாப்பிடறப்ப என் புருஷன்கிட்ட, "உங்க தம்பி பொண்டாட்டி இன்னிக்கு ஒருத்தரைக் காப்பாத்திட்டா"ன்னேன்.

பிசையற கை நின்னுச்சு. என் வாயிலேர்ந்து அவளைப் பத்தி நல்ல வார்த்தை வந்து அவர் கேட்டதே இல்ல. "எதுலேர்ந்து?"ன்னார்.

"என்கிட்டேர்ந்து"ன்னேன்.