இருபத்தொன்றில் பாதி

மூக்கம்மாளுக்கு இடது கண் போனது ஆவணி மாதம், செவ்வாய்க்கிழமை. நூல் அவிக்கும் தொட்டியிலிருந்து கொதிதண்ணீர் தெறித்தது. தொட்டியில் இருந்தது சலவைச் சோடாதான் என்று மேனேஜர் ராஜகுரு சொன்னார். சோடாத் தண்ணீரில் பெண்கள் வெறுங்கையோடு நூல் அலசுவது அருப்புக்கோட்டை வெள்ளாவிப் பட்டறைகளில் வழக்கம். கை வெடிக்கும், நகம் தேயும், அவ்வளவுதான். தோலையே அரிக்கிற காஸ்டிக் காரம் போடும் நாள் என்றால் கதையே வேறு. ரப்பர் கையுறை, கண்ணாடி எல்லாம் கொடுக்க வேண்டும். பெண்களைத் தொட்டிப் பக்கமே விடக்கூடாது.

அன்றைக்கு உறையும் கொடுக்கவில்லை, கண்ணாடியும் கொடுக்கவில்லை.

"கண்ணக் கசக்கியிருக்கா. சோடாக் கையோட கசக்குனா புண்ணாகத்தான் செய்யும்" என்று ராஜகுரு எழுதிவிட்டார். கவனக்குறைவு என்று முடிவானால் மூக்கம்மாளுக்கு வேலையும் கிடையாது, நஷ்டஈடும் கிடையாது. காஸ்டிக் என்று நிரூபணமானால் குற்றம் பட்டறை மேல்.

நான் அங்கே லேபில் இருந்தேன். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. திருச்சுழிப் பக்கம் கம்பு விதைக்கிற குடும்பத்தில் முதலில் காலேஜ் வாசல் மிதித்தவள். லேப் என்றால் ஒரு மேசை, அமிலத்தை அளந்து சொட்டுவிட ஒரு பியூரெட், நாலு பாட்டில். தொட்டித் தண்ணீரில் பத்து மில்லி எடுத்து, மெத்தில் ஆரஞ்சு இரண்டு சொட்டு விட்டு, மஞ்சள் ஆரஞ்சாகும்வரை அமிலம் விட்டு, எத்தனை மில்லி என்று எழுதுவது என் வேலை. வந்த எண்ணுக்கு எதிரே 'சோடா' என்று ராஜகுரு எழுதிக்கொள்வார். உள்ளே என்ன காரம் இருந்தாலும் அந்த ஒரே எண்தான். அவருக்கு அது வசதி.

மூக்கம்மாளை மதுரைக்குத் தூக்கிப்போன அரைமணி நேரத்தில் பால்சாமி ஓர் எனாமல் பேசினோடு வந்தார். தொட்டிக்குத் தீப்போடுகிறவர்.

"தாயி, தொட்டியத் தொறந்துவிடச் சொல்லிட்டாக. அதுக்குள்ள மோந்துட்டேன். பாரு."

பார்த்தேன். இந்த முறை இரண்டு நிறம். முதலில் பினாப்தலீன். அடர்ந்த சிவப்பு. அமிலம் விடவிட அது வெளிற வேண்டும். சுத்தச் சோடாவாக இருந்தால், சோடா பாதிவழி வந்து பைகார்பனேட் ஆகும் இடத்தில் சிவப்பு மறையும். அதோடு மெத்தில் ஆரஞ்சு விட்டுத் தொடர்ந்தால், அந்தப் பைகார்பனேட்டைத் தீர்க்க முதலில் விட்ட அதே அளவு அமிலம் ஆகும். முன்பாதியும் பின்பாதியும் சமம். காஸ்டிக் கலந்திருந்தால் சமம் வராது. காஸ்டிக் முழுவதும் முதல் நிறத்திலேயே தின்னப்பட்டுவிடும். இரண்டாம் நிறத்துக்கு அதில் மிச்சமிருக்காது.

சிவப்பு 16.4 மில்லியில் போனது. மெத்தில் ஆரஞ்சு விட்டேன். 21-இல் ஆரஞ்சு. பின்பாதி வெறும் 4.6.

முன்பாதி 16.4-இல் சோடாவின் பங்காக அதே 4.6-ஐக் கழித்தால் மிச்சம் 11.8. அத்தனையும் காஸ்டிக். மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் அதே. பால்சாமிக்கு விளக்கினேன்.

"அப்பக் கொன்னுட்டாகன்னு சொல்லு" என்றார்.

"கண்ணத்தான்ணே."

"கண்ணு போனா நூல்வேல செய்றவ என்னத்தக் கிழிப்பா?"

தொழிற்சாலை ஆய்வாளர் ஆபீசுக்கு எழுதிப் போட்டேன். விசாரணைக்கு மதுரையிலிருந்து ஆபீசர் வருவார், மாதிரியைப் பத்திரமாக வை என்று பதில் வந்தது. வைத்தேன். எங்கே? அதே பேசினில்.

கண்ணாடி மூடி போட்ட பாட்டிலில் காரம் வைத்தால் மூடி ஒட்டிக்கொள்ளும், பாட்டிலை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். ரப்பர் மூடி கேட்டால் ராஜகுரு, "அதுக்கு மெட்ராஸுக்கு எழுதணும்" என்பார். அதனால் எங்கள் லேபில் கார மாதிரி எல்லாமே பேசினில்தான், மேலே ஒரு துணி. தண்ணீர் வற்றினால் குறிவரை, காய்ச்சி வடித்த வாலைத் தண்ணீர் ஊற்றுவோம். வருஷக்கணக்கில் அப்படித்தான். ஒரு கேடும் வந்ததில்லை, ஏனென்றால் நாங்கள் பார்த்தது மெத்தில் ஆரஞ்சு ஒன்றைத்தான்.

இருபத்திநாலு நாளும் காலையில் வந்ததும் குறிவரை ஊற்றினேன், பூஜை மாதிரி. அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டேன். ராஜகுரு கை வைத்துவிடுவார் என்று பயந்தேன். அவர் அந்தப் பக்கமே வரவில்லை.

ஆபீசர் தன் கையால் செய்தார். நல்ல கை, சொட்டுச் சொட்டாக விட்டார். ராஜகுரு பக்கத்தில் நின்றார். சிவப்பு பத்தைத் தாண்டியதும் வெளிற ஆரம்பித்தது. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. 10.5-இல் சிவப்பு இல்லை. மெத்தில் ஆரஞ்சு. 21-இல் ஆரஞ்சு.

பாதிக்குப் பாதி. சுத்தச் சோடா.

"ஏம்மா பி.எஸ்சி., சரியா இருக்கா?" என்றார் ராஜகுரு.

"சார், காத்து பட்டிருக்கு" என்றேன். "காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்ஸைடக் காஸ்டிக் இழுத்துக்கிட்டுச் சோடாவா மாறிரும். அன்னைக்கும் மொத்தம் இருபத்தொண்ணு, இன்னைக்கும் இருபத்தொண்ணு. மொத்தம் மாறாது சார், சிவப்பு போற இடந்தான் மாறும்."

ஆபீசருக்குப் புரிந்தது. முகத்தில் தெரிந்தது. "உண்மைதாம்மா, மாறும். ஆனா மாறுச்சுன்னு இதை வச்சு எப்பிடிச் சொல்றது? ஆரம்பத்துலேயே சோடாவா இருந்தாலும் இதே ரீடிங்தான வரும்? முதல் ரீடிங் எடுத்தப்ப யார் கையெழுத்து போட்டா?"

"பால்சாமி அண்ணன் பாத்தாக."

"அவனுக்குக் கையெழுத்தே போடத் தெரியாதே" என்றார் ராஜகுரு.

"காஸ்டிக்கைத் திறந்து வைக்கக்கூடாதுன்னு காலேஜ்ல சொல்லித் தந்திருப்பாங்களே?" என்று ஆபீசர் கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

சொல்லித் தந்தார்கள். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். இங்கே வந்து இரண்டு வருஷத்தில் பட்டறைப் பழக்கம் என் பழக்கமாகிவிட்டது. இரண்டு நிறம் பார்க்கப் புத்தி இருந்தவளுக்கு, இரண்டு நிறத்துக்கும் தாங்குகிற மாதிரி மூடி வைக்கப் புத்தி இல்லை. கடையில் பாட்டிலுக்கு ஒரு தக்கையும், மெழுகுவத்தி ஒன்றும் வாங்கியிருந்தால் போதும். ராஜகுருவைத் திட்டித் திட்டியே நாளை ஓட்டிவிட்டேன்.

அறிக்கையில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். என் பழைய எண்களை அடியில் எழுதிவிட்டுப் போட்டேன். ராஜகுரு தடுக்கவில்லை. அது எதற்கும் உதவாது என்று அவருக்குத் தெரியும்.

வாசலில் மூக்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். கண்ணில் பச்சைத்துணி. மதுரையிலிருந்து நேராகப் பஸ்ஸில் வந்திருந்தாள். பக்கத்தில் பால்சாமி நின்றார்.

"என்னாச்சு தாயி?" என்றாள்.

"சோடான்னு வந்துருச்சுக்கா."

"நீ காஸ்டிக்குன்னயே?"

"காஸ்டிக்குதான். நான் மூடி வைக்கல. காத்து பட்டு மாறிருச்சு. எந் தப்பு."

பால்சாமி குறுக்கே வந்தார். "ஒம் மேல ஏன் போட்டுக்கிற தாயி? அந்த நாயி மூடி வாங்கித் தரல."

"நீ சும்மா இருண்ணே" என்றாள் மூக்கம்மாள். என்னைப் பார்த்தாள், ஒற்றைக் கண்ணால். "அப்ப நாந்தேன் கண்ணக் கசக்குனேன்னு எழுதிட்டாகளா?"

"எழுதிட்டாக."

"மொத நாளே மூடியிருந்தா?"

"வாய்வரைக்கும் ரொப்பி, மெழுகு வச்சு மூடியிருந்தா அப்பிடியே இருந்திருக்கும்க்கா."

அவள் அதை மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பது போலிருந்தது. பிறகு முந்தானையை உதறி எழுந்தாள். சோற்றுத் தூக்கைத் தேடிக் கை துழாவியது. இடது பக்கம் இருந்ததால் தெரியவில்லை. எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

"பந்தல்குடி பஸ்ஸு எத்தன மணிக்கு?"

"அஞ்சே காலுக்கு."

நடந்தாள். மன்னிப்புக் கேட்டால் கொடுத்துவிடுவாள் என்று தெரிந்தது. அதனால் கேட்கவில்லை.