இரண்டு ஸ்பேஸ், ஒரு மூச்சு

ஒரு மூச்சுக்கு ஒரு ஏலக்காய் டீ. இந்த விலையை வைத்தவள் ஜெபஷீலா.

அல்லிநகரத்தில் மெடிக்கல் கடைக்கு மேலே இருக்கிறது எங்கள் அலுவலகம். வெப்சைட் செய்து கொடுக்கிறோம். ராயப்பன்பட்டி மாதா கோயில் பாட்டுக்குழு போனில் பார்த்துப் பாடுவதற்காக முந்நூற்றுப் பதினெட்டுப் பாடல்களை ஐந்து வாரம் உட்கார்ந்து டைப் அடித்தவள் ஜெபஷீலா. எல்லாம் மார்க்டவுன் கோப்புகள். அதில் வரிக் கடைசியில் இரண்டு ஸ்பேஸ் விட்டால்தான் அடுத்த வரி திரையில் தனியாக இறங்கும். விடாவிட்டால் முந்தைய வரியின் வாலில் ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அந்த இரண்டுக்கு அவள் வைத்த பெயர்தான் மூச்சு. பாடுகிறவர்கள் அங்கேதான் மூச்சு வாங்குவார்கள்.

எங்கள் அலுவலகத்தின் மூன்றாவது ஆள் அஜய்குமாருக்கு வரிக் கடைசி ஸ்பேஸ் என்றாலே அலர்ஜி. அவன் திரையில் அதெல்லாம் சிவப்பாக மின்னும். கோப்புகளில் தேவையில்லாத ஒற்றை ஸ்பேஸும் டேபும் ஏராளம். காலி வரிகளில்கூட ஸ்பேஸ்.

"எல்லாத்தையும் ஒரே கமாண்ட்ல வழிச்சு எடுத்துடறேன்க்கா."

"என் மூச்சு மேல கை வச்ச, தொலைஞ்ச. ஒண்ணு போனாலும் ஒரு டீ."

"சரியா ரெண்டு இருந்து, அடுத்த வரி காலியா இல்லன்னா விட்டுடுவேன். மத்ததை வெட்டிடுவேன். போதுமா?"

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. பத்தியின் கடைசி வரியில் இரண்டு ஸ்பேஸ் இருந்தும் பிரயோஜனமில்லை. அஜய் கமாண்டை ஓட்டினான், பத்துப் பாட்டைத் திறந்து பார்த்தான், மதியமே சைட்டில் ஏற்றிவிட்டான்.

நாலரை மணிக்கு ஆண்டனி ராஜ் சார் போன் செய்தார். பள்ளிக்கூட வாத்தியார், பாட்டுக்குழுத் தலைவர். பின்னால் ஆர்மோனியம் கேட்டது.

"வினோத் தம்பி, நூத்தி இருபத்தேழாம் பாட்டு ரயில் மாதிரி நிக்காம ஓடுது. எங்கன நிறுத்துறதுன்னு தெரியாம முதல் வரி எடுத்துக் குடுக்கிற இருதயம்மாள் பாடிப் பாடி இருமிட்டு உக்காந்துட்டாக. நாளைக்குத் திருவிழாக் கொடியேத்தம். அரை மணி நேரம் பாப்பேன். இல்லேன்னா போன் பாட்டே வேணாம், பழையபடி ஜெராக்ஸ் எடுத்துக்கிடுறோம்."

ஐந்து வார வேலை அரை மணி நேரத்தில் ஜெராக்ஸ் கடைக்குப் போய்விடும். ஜெபஷீலா அஜயின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

அஜய் பழைய கோப்பையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான்.

"அக்கா, இந்தப் பாட்டுல வரிக்கு மூணு ஸ்பேஸ் விட்டிருக்கீங்க!"

"நான் ரெண்டுதான் விட்டேன். இது சாரோட மக இவாஞ்சலின் வாட்ஸப்ல அனுப்புன பாட்டு. அது வரிக்கு வரி ஒரு ஸ்பேஸோட வந்துருக்கும். அதுக்கு மேல நான் ரெண்டு போட்டேன்."

"மூணு இருந்தா கை தவறினதுன்னு நினைச்சு மொத்தமா வெட்டிட்டேன்..."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் அப்பாவுக்குப் போடியில் ஏலக்காய் வியாபாரம், காயைச் சல்லடையில் சலித்துத்தான் ரகம் பிரிப்பார்.

"ஏலே, எட்டு எம்.எம். சல்லடைல ஒன்பது எம்.எம். காய் விழுந்துருமா? அதுதாண்டா முதல்ல நிக்கும். நீ என்ன சல்லடை செஞ்ச? எட்டே எட்டு மட்டும் நிக்கிற சல்லடையா? இதை எங்கப்பாகிட்ட காட்டுனா உன்னையத்தான் சலிச்சிருப்பாரு."

அஜய் முகத்தில் லைட் எரிந்தது. பழைய கோப்புகளைத் திரும்ப எடுத்தான். விதியில் ஒரே திருத்தம்: இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் இரண்டாக்கு. மூன்றாவது கொசுறு, அதை மட்டும் எடு.

"இந்தத் தடவை பத்துப் பாட்டைப் பாத்துட்டு ஏத்துற வேலை வேணாம்" என்றாள் ஜெபஷீலா. "எண்ணு."

எண்ணினான். பழைய கோப்புகளை வெப்சைட் பக்கமாக மாற்றிப் பார்த்தால் வரி இறங்கும் இடங்கள் 5,214. மதியம் ஏற்றியதில் 5,173. புதியதில் 5,214. ஏற்றினோம். நாலு ஐம்பத்தாறு.

"சார், பக்கத்தை ஒரு தடவை ரெஃப்ரெஷ் பண்ணுங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டோம். ஆர்மோனியம் சுதி எடுத்தது. இருதயம்மாள் குரல் முதல் வரியைப் பாடி நின்றது. மூச்சு வாங்கியது அல்லிநகரம் வரை கேட்டது. அடுத்த வரிக்கு முப்பது குரல்கள் சேர்ந்துகொண்டன. ஜெபஷீலா மேஜையில் தாளம் போட்டாள். அஜய் சுதியில்லாமல் கூடவே பாடினான். அதைத் தடுக்க எங்களிடம் கமாண்ட் இல்லை.

பாட்டு முடிந்ததும் சார் சொன்னார்: "ஜெராக்ஸ் வேணாம் தம்பி. இருதயம்மாள் உங்களையெல்லாம் கொடியேத்தத்துக்கு வரச் சொல்றாக."

போனை வைத்த கையோடு ஜெபஷீலா ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது:

இருந்த மூச்சு 5,214. இருக்கிற மூச்சு 5,214. கணக்கு நேர்.
நடுவில் போய் வந்தது 41. அஜய் தர வேண்டிய டீ 41.
இன்று குடித்தது 3. பாக்கி 38.