பழைய பேருக்கு வந்த கடிதங்கள்

"நான் எழுதலைன்னு மட்டும் சொல்லாதே..."

"எழுதியிருந்தா வண்டி ஏன் வாசல்ல நிக்குது?"

"பாங்குக்கு எழுதினேன், வரி ஆபீசுக்கு எழுதினேன், கேஸ் அனுப்புறவங்களுக்கு..."

"அக்கா, பாங்குக்காரனா வந்து டேங்க்கை நிரப்பப் போறான்?"

ஆக்சிஜன் நிரப்பும் கூடத்தின் அலுவலக அறை அது. வெளியே திரவ ஆக்சிஜன் டேங்கர் ஒன்று வெண்புகை கசிய நின்றது. குழாயை மாட்ட ஓட்டுநர் மறுத்துவிட்டார். சரக்குச் சீட்டில் கம்பெனியின் புதுப் பெயர், சுவரில் மாட்டியிருந்த சேமிப்பு உரிமத்தில் பழைய பெயர். புது உரிமம் காட்ட சப்ளையர் கொடுத்திருந்த மூன்று மாதத் தவணை நேற்றோடு முடிந்திருந்தது. நாளைக் காலைக்குள் இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கு சிலிண்டர் போயாக வேண்டும்.

பெயரை மாற்றச் சொன்னதே தம்பிதான். கூட்டாளியாக இருந்த பெரியப்பா மகன் சண்டை போட்டுப் பிரிந்து ஊரின் மறுகோடியில் சொந்தமாக ஒரு நிரப்பும் கூடம் ஆரம்பித்ததும், "அவன் பேரு இனி நம்ம போர்டுல இருக்கக் கூடாது" என்று ஒற்றைக்காலில் நின்றான். பதிவாளர் சான்றிதழ் கைக்கு வந்த அன்றே அக்கா ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொரு இடமாக ஏறி இறங்கினாள்.

"இதோ பாரு." ஒப்புகைச் சீட்டுகளை மேசையில் விசிறிப் போட்டாள். "பாங்கு, பேரை மாத்திட்டான். வரி ஆபீசு, திருத்தின சான்றிதழே வந்தாச்சு. இது உரிம ஆபீசு. நானே போய்க் கொடுத்தது. முத்திரை தெரியுதா, இல்ல கண்ணாடி வேணுமா?"

"முத்திரையை வச்சு நான் என்ன பண்றது? உரிமம் எங்க?"

"அதைத்தானே தினமும் உன்னைக் கேட்டேன், கடுதாசி வந்துச்சா வந்துச்சான்னு? வரலைன்னு நீதானேடா சொன்னே!"

"வரலை, வரலைன்னுதான் சொன்னேன். நீ மறுபடி போயிருக்கணும்."

"சரி, என் தலையிலேயே போடு."

அவள் உரிம அலுவலகத்துக்குப் போன் போட்டு, தம்பியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள். எடுத்தது ஒரு பெண் எழுத்தர். கோப்பு எண்ணைக் கேட்டுக்கொண்டு போனவர் திரும்பிவந்து பேச ஆரம்பித்தார்.

"உங்க விண்ணப்பம் முடிச்சு வச்சாச்சும்மா. உரிமத்தை நிறுத்தி வச்சிருக்கோம்."

"நிறுத்தியா?" அக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "எதுக்கும்மா?"

"அசல் உரிமத்தைக் கொண்டுவந்தா புதுப் பேரை எழுதித் தரோம்னு கடிதம் போட்டோம். திரும்பி வந்துச்சு. இன்னொண்ணு போட்டோம், அதுவும் திரும்பி வந்துச்சு. கடைசியா நோட்டீஸ். அதுவும்தான்."

"எங்க விலாசத்துக்கா? நாங்க இங்கதானே இருக்கோம்?"

"அதே விலாசம்தான். பழைய பேருல போட்டோம். மாத்துற வரைக்கும் எங்க புத்தகத்துல அந்தப் பேருதானேம்மா இருக்கும்?"

தம்பி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"உறை மேல ஏதாவது எழுதியிருக்கா?" என்றாள் அக்கா.

"'அப்படி ஒரு கம்பெனி இங்கே இல்லை. மூடியாச்சு.' மூணுலயும் இதேதான். படம் அனுப்புறேன், பாத்துக்கோங்க."

போன் ஒருமுறை அதிர்ந்தது. அக்கா திரையை விரலால் பெரிதாக்கினாள். கட்டம் கட்டமான எழுத்து. கடைசியில் அடிக்கோடு இரண்டு. பள்ளிக்கூட நாளிலிருந்து அவள் பார்த்துப் பழகிய கையெழுத்து.

"இது..." என்றாள். திரையைத் தம்பியின் பக்கம் திருப்பினாள்.

"அவனுக்கு வந்த கடுதாசின்னு நினைச்சேன்க்கா," என்றான் தம்பி. "அந்தப் பேரைப் பாத்தாலே பத்திக்கிட்டு வந்துச்சு. பிரிச்சே பாக்கலை. நம்மளுக்குன்னு..."

"மூணு தடவையுமாடா?"

போனில் எழுத்தர் பேசிக்கொண்டே இருந்தார். "அசலோட வாங்க. கூடத்தை மறுபடி பார்வையிடணும், எப்படியும் பத்து நாளாகும். அதுவரைக்கும் டேங்க்குல இருக்கிறதையும் எடுத்து நிரப்பக் கூடாது, தெரியுமில்ல?"

அக்கா போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். நாளைக்கு சிலிண்டர் இருக்கும் இடம் ஊரில் இன்னும் ஒன்றே ஒன்றுதான். பெரியப்பா மகனின் எண் அவள் போனில் இன்னும் அழியாமல் இருந்தது. அதைக் கூப்பிடு என்பதுபோல் தம்பியைப் பார்த்தாள். அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

கதவு தட்டப்பட்டது. ஓட்டுநர் கையுறையைக் கழற்றியபடி உள்ளே வந்து, திருப்பி அனுப்பும் சீட்டையும் பேனாவையும் தம்பியின் முன் வைத்தார்.

"வண்டியை எடுத்துட்டுப் போறேங்கய்யா. ஏன் திரும்புதுன்னு இதுல ஒரு கட்டம் இருக்கு, உங்க கையாலேயே எழுதிக் கொடுத்துடுங்க."