மூன்றாம் நம்பர் படம்

லோகநாயகிக்குப் பொய் சொல்ல வராது என்று அஸ்தினாபுரத்தில் அவள் தெருவே சத்தியம் செய்யும். தெருவுக்கு என்ன தெரியும், பாவம். தொண்ணூற்றொன்பது பிப்ரவரியில் ஒரு மாதம் லீவு போட்டபோது மஞ்சள் காமாலை என்று ஆபீஸுக்கு எழுதிக் கொடுத்தாள். வந்திருந்தது டி.பி. அம்மா திரிபுரசுந்தரி ஒரே வார்த்தைதான் சொன்னாள். "வெளியில மூச்சு விட்டே, அப்புறம் உனக்கு வேலையும் கிடையாது, கல்யாணமும் கிடையாது." அவள் மூச்சு விடவில்லை. மாத்திரை வாங்கக்கூட அம்மாதான் மாதாமாதம் கிழக்குத் தாம்பரத்துக் கிளினிக்குக்குப் போய்வந்தாள்.

குரோம்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது ஆபீஸ். ஜன்னலெல்லாம் அடைத்து ஏ.சி. போட்ட ஹால், பன்னிரண்டு கம்ப்யூட்டர், பதினோரு பேர். இரண்டாயிரம் பிறக்கும்போது உலகம் கவிழாமல் இருக்க, ஏதோ ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் பழைய 'கோபால்' கம்ப்யூட்டர் மொழிப் புரோகிராம்களை வரி வரியாகப் படித்து, எங்கெங்கே வருஷத்துக்கு முன்னால் '19' என்று கெட்டியாக எழுதி வைத்திருக்கிறான் என்று தேடிப் பிடிக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம். பேன் பார்க்கிற வேலைதான், கொஞ்சம் இங்கிலீஷ் கலந்தது.

மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் எல்லாருக்கும் கண் எரியும். மேனேஜர் ஸ்ரீநிவாசராகவன் ஏப்ரலில் ஒரு முடிவுக்கு வந்தார். புரோகிராமைத் திறந்து திருத்தப் புதிதாக வாங்கிய எடிட்டரில், கமெண்ட் என்கிற விளக்கக் குறிப்பு ஒரு நிறம், கட்டளைச் சொல் ஒரு நிறம், கொட்டேஷனுக்குள் இருப்பதும் எண்களும் ஒரு நிறம் என்று பிரித்துக் காட்டும் வசதி இருந்தது. ஆளுக்கொரு நிறம் வைத்துக்கொண்டு, ஷிப்ட் மாறும்போது "எவன்டா மாத்தினது" என்று சண்டை வேண்டாம். ஒரே கலர் ஸ்கீம், எல்லா மெஷினுக்கும். அதைத் தேடிப் பிடிக்கிற பொறுப்பு கூட வேலை பார்க்கும் பட்டாபிராமனுக்கு. ஆளாளுக்குப் போடும் மார்க்கைக் கூட்டிச் சொல்கிற பொறுப்பு லோகநாயகிக்கு.

பட்டாபிராமன் எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவன். ஒரே புரோகிராமின் ஒரே பக்கத்தை ஆறு ஸ்கீமில் திறந்து, ஒவ்வொன்றையும் பிரிண்ட் ஸ்கிரீன் தட்டி, பெயிண்டில் ஒட்டி, ஒன்றிலிருந்து ஆறுவரை நம்பர் போட்டுச் சேமித்தான். எழுத்து அளவும் ஒன்று, வரியும் ஒன்று. மேனேஜர் தன் பதினேழு அங்குல மானிட்டரில் பார்த்துவிட்டு எல்லாமே பிரமாதம் என்றார்.

"சார், படம் ஒண்ணுதான், மானிட்டர் வேற. நாங்க உக்காருற பதினாலு அங்குலத்துல பார்த்தாதான் கணக்கு" என்றான் பட்டாபிராமன். இருப்பதிலேயே பழைய மானிட்டரைத் தேர்ந்து, வெளிச்சத் திருகை ஓரிடத்தில் வைத்து அதன்மேல் டேப் ஒட்டினான். ஒவ்வொருவரும் அதில்தான் பார்க்க வேண்டும். கண்ணுக்குச் சுகம் பத்து மார்க், நிறங்கள் பிரிந்து தெரிவது பத்து மார்க்.

அந்த முதல் சுற்றில் லோகநாயகி மூன்றாம் நம்பருக்கு ஒன்பதும் ஒன்பதும் போட்டாள். கருநீலத் தரை, வெளிர் எழுத்து, கமெண்ட் இளம்பச்சை, '19' மாதிரியானவை இளஞ்சிவப்பு. "பச்சையும் சிவப்பும் பளிச்சென்று பிரிகின்றன, ஆனால் எதுவும் கண்ணைக் குத்தவில்லை" என்று சீட்டில் எழுதினாள். பட்டாபிராமனுக்கு வாயெல்லாம் பல்.

"அதான் சூட்சுமம் லோகா. ரெண்டுக்கும் வெளிச்சம் கிட்டத்தட்ட ஒண்ணேதான். நிறம் மட்டும்தான் வேற. அதனாலதான் உறுத்தல."

ஆறில் மூன்றும் ஆறும் தேறின. ஆறாவது வெள்ளைத் தரை, கறுப்பு எழுத்து, கமெண்ட் சாம்பல், '19' தடித்த எழுத்து. நன்றாகப் பிரியும், ஆனால் அந்தப் பழைய மானிட்டர்களில் வெள்ளைத் தரை படபடவென்று துடிக்கும். ஒரு மணி நேரம் பார்த்தால் நெற்றிப் பொட்டு வலிக்கும். வேலை நெருக்கடியில் முடிவு தள்ளிப்போய், ஜூன் பதினாலாம் தேதி திங்கட்கிழமைதான் கடைசிச் சுற்று வந்தது.

டீக்காரர் முனிரத்தினம் வந்து அவளுடைய எவர்சில்வர் தம்ளரில் ஊற்றிவிட்டுப் போனார். மற்றவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ்; இவளுக்கு மட்டும் வீட்டுத் தம்ளர். "மேடம் ரொம்ப ஆச்சாரம்" என்பது அவர் கட்சி. 'மடி மாமி' என்பது பட்டாபிராமன் வைத்த பெயர். அவள் சிரித்துவைப்பாள். அவர்கள் கிளாஸில் தன் வாய் படக்கூடாது என்று பயந்து செய்ததை ஆச்சாரம் என்று கொண்டாடினால் வேறென்ன செய்வது.

தம்ளரை வைத்துவிட்டு மூன்றாம் நம்பர் படத்தைத் திறந்தாள். கமெண்ட் எது, '19' எது என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே சேற்று நிறமாக இருந்தது.

"பட்டாபி, சொதப்பிட்டியே. பதினாறு கலர்ல சேவ் பண்ணியிருக்கே. ரெண்டும் ஒண்ணாப் போயிடுச்சு பாரு."

அவன் எழுந்து வந்து எட்டிப் பார்த்தான். "எது ஒண்ணாப் போச்சு? முழுக் கலர், இருபத்துநாலு பிட்தான். ஏப்ரல்ல எடுத்த அதே படம், நான் தொடவே இல்ல."

"கமெண்டும் பத்தொம்பதும்."

"விளையாடாத லோகா." அவன் மௌஸை வாங்கி, நிறத்தை உறிஞ்சிக் காட்டும் கருவியை எடுத்து, பெரிதாக்கிய கமெண்ட் எழுத்தின் மேல் வைத்து அழுத்தினான். நிற அட்டவணையைத் திறந்ததும் எண்கள் வந்தன: சிவப்பு 128, பச்சை 176, நீலம் 96. பிறகு '19' மேல் அழுத்தினான். சிவப்பு 240, பச்சை 128, நீலம் 112. "போதுமா? நம்பர் பொய் சொல்லுமா?"

நம்பர் பொய் சொல்லாது. லோகநாயகி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். எண்கள் வேறு வேறு. நிறம் ஒன்றே.

பிப்ரவரியில் மாத்திரை எழுதிக் கொடுத்த கிளினிக் டாக்டர் வேதசிரோமணி சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது மாதிரி விழுந்தது. "இந்த நாலுல ஒரு மாத்திரை சில பேருக்குக் கண் நரம்பைப் பிடிக்கும்மா. சிவப்பு, பச்சை மங்குற மாதிரி இருந்தா அன்னிக்கே வந்துடணும். நாளைக்குன்னு வைக்கக் கூடாது."

"என்ன ஆச்சு?" என்றான் பட்டாபிராமன்.

"ஒண்ணுமில்ல. காலையிலேர்ந்து ஸ்கிரீனையே பார்த்துக்கிட்டிருக்கேன், அதான். கண்ணு சரியில்ல."

எழுந்து மேனேஜர் அறை வாசல்வரை போனாள். காமாலை லீவு முடிந்து வந்த அன்றைக்கே அவர் சொல்லிவிட்டார், டிசம்பர்வரை இனி லீவு என்று வந்தால் அந்த நாற்காலியில் வேறு ஆள் என்று. கண் டாக்டரிடம் போகணும் சார் என்றால் கண்ணுக்கு என்ன என்பார். மாத்திரை என்றால் எதற்கு மாத்திரை என்பார். அப்புறம் இந்த அடைத்த ஹாலில் அவளோடு நான்கு மாதமாக மூச்சு விட்ட பத்துப் பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். முதல் மாதம் தாண்டிய பிறகு யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் சொல்லியிருந்தாலும் அதை யார் கேட்கப் போகிறார்கள்? ஆகஸ்டோடு மாத்திரை முடிந்துவிடும். இரண்டே மாதம். பல்லைக் கடித்துக்கொண்டால் ஆயிற்று. அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

உட்கார்ந்து செய்ததுதான் அநியாயம். பதினோரு சீட்டையும் வாங்கிக் கூட்டினாள். மூன்றாம் நம்பருக்கு நூற்றெழுபத்தெட்டு, ஆறாம் நம்பருக்கு நூற்றிருபத்தொன்று. தன் சீட்டில் ஆறுக்கு முழுசாகப் போட்டும் அவ்வளவுதான். மூன்று வந்தால் அவள் குருடி. ஆறில் நிறமே இல்லை. சாம்பலும் தடிப்பும் போதும், பிழைத்துக்கொள்ளலாம். டைப் அடிக்கும்போது இரண்டு எண்ணையும் இடம் மாற்றிப் போட்டாள். ஒரு எழுத்துப் பிழைகூட விழவில்லை. அதை நினைத்துத்தான் பிற்பாடு அவளுக்கு அவமானமாக இருந்தது.

மேனேஜர் தாளைப் பார்த்துவிட்டு ஆறு என்று எல்லா மெஷினிலும் போடச் சொன்னார். பட்டாபிராமன் தாளை ஒரு நிமிஷம் கையில் வைத்திருந்தான். பிறகு மெஷின் மெஷினாகப் போய் ஆறைப் போட்டான்.

ஒரு வாரத்தில் ஹாலே தலைவலித் தைல வாடை அடித்தது. வெள்ளைத் தரை துடிக்கத் துடிக்க, மூன்று மணிக்கு எரிந்த கண்கள் பதினோரு மணிக்கே எரிந்தன. பட்டாபிராமன் ஈரக் கைக்குட்டையைக் கண்ணில் போட்டுக்கொண்டு மேசையில் சாய்ந்து கிடப்பான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எழுந்துபோய் உண்மையைச் சொல்லிவிடலாமென்று இருக்கும். நாளைக்கு என்று வைப்பாள். ஜூலை கடைசியில் ஆறாம் ஸ்கீமிலும் சாம்பல் வரிகள் காணாமல்போயின. பிறகு தடித்த '19'. எழுத்தை நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு புகை. சற்றுத் தள்ளிப் பார்த்தால் ஓரத்தில் தெரியும். கோழி மாதிரித் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் படித்தாள்.

ஆகஸ்டில் ஒருநாள் குரோம்பேட்டை ஸ்டேஷன் போர்டை அவளால் படிக்க முடியவில்லை. அன்றைக்குத்தான் அம்மாவிடம் சொன்னாள். டாக்டர் வேதசிரோமணி புள்ளி புள்ளியாக நிறம் அச்சடித்த புத்தகத்தைப் பிரித்து, அதற்குள் என்ன எண் தெரிகிறது என்று பக்கம் பக்கமாகக் கேட்டார். எதிலும் எண் தெரியவில்லை.

"எப்பலேர்ந்து இப்படி?"

"ஜூன் பதினாலு. மத்தியானம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "தேதி தெரிஞ்சுமா வரல? அன்னிக்கே அந்த ஒரு மாத்திரையை நிறுத்திட்டு மாத்திக் கொடுத்திருப்பேன். பெரும்பாலும் பார்வை திரும்பியிருக்கும். இப்ப நிறுத்துறேன். எவ்வளவு திரும்பும்னு என்னால சொல்ல முடியாது."

அம்மா அழுதாள். லோகநாயகிக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார்மேல் என்று அவளுக்கே தெரியவில்லை.

ராஜினாமாக் கடிதம் கொடுக்கப் போன அன்று, பட்டாபிராமன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அந்த மார்க்கை மாத்தினது நீதானே. சீட்டெல்லாம் நானும் கூட்டிப் பார்த்துட்டேன், அன்னிக்கே தெரியும். மேனேஜர் சொல்லி நீ மாத்தியிருப்பேன்னு நெனச்சு விட்டுட்டேன். ஏன் லோகா?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? இவன் ஒருவனிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. "எனக்கு சிவப்பும் பச்சையும் தெரியல பட்டாபி. மாத்திரையால வந்தது. காமாலை இல்ல எனக்கு, டி.பி. மூணாவது வந்தா மாட்டிக்குவேன்னுதான் மாத்தினேன். உங்க எல்லார் கண்ணையும் நான்தான் கெடுத்தேன், மன்னிச்சுடு. இப்ப குணமாயிடுச்சு. யாருக்கும் ஒட்டாது."

"ஐயோ, அதுக்கென்ன லோகா, உடம்புன்னா வரும்தானே" என்றான் அவன். குரல் நன்றாகத்தான் இருந்தது. முகத்தில் என்ன இருக்கிறது என்று நேராகப் பார்த்தாள். அங்கே புகைதான் இருந்தது. அவளுக்குத் தெளிவாகத் தெரிந்ததெல்லாம் ஓரம்தான். ஓரத்தில், அவனுடைய நாற்காலியின் கால்கள் சத்தமில்லாமல் ஒரு முழம் பின்னால் நகர்ந்தன.