ஒரே அளவில் நறுக்கிய படம்

படகு என்ஜினைப் பற்றிய விளக்கப் படம். பேசுபவர் என்ஜினீயர் தேவசகாயம். கடலூர் முதுநகர் மீனவர் சங்கக் கூடத்தில் முதல் காட்சியிலேயே பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள்.

"பேசுறாரு, பேசுறாரு, பேசிக்கிட்டே இருக்காரு" என்றார் படத்துக்குப் பொறுப்பான அதிகாரி மணவாளன். "நட்சத்திரம் சுத்துற மாதிரி, திரை கிழியுற மாதிரி ஏதாச்சும் போடுய்யா. வேகமா வெட்டு. நாளைக்கும் தூங்கினாங்கன்னா வேலைய மெட்ராஸ் கம்பெனிக்குத்தான் குடுப்பேன்."

சிதம்பரம் கீழவீதி மாடிக்குத் திரும்பிய எடிட்டர் பொன்னுரங்கத்துக்குப் பற்றி எரிந்தது. வேகமாகத்தானே வெட்டியிருந்தான்! முகம், என்ஜின், முகம், என்ஜின். வெட்டிய பிலிம் தரையில் படாமலிருக்க வைத்த தொட்டியின் மேலே, ஆணிகளில் தொங்கிய துண்டுகளைப் பார்த்தான். மேஜையில் கீறியிருந்த அளவுக்கோட்டில் வைத்து நறுக்கியதால், எல்லாம் ஒரே நீளம். கயிற்றில் கட்டிய வாளை மீன்கூட இத்தனை ஒழுங்காக இருக்காது.

"எருமை" என்று தன்னையே திட்டிக்கொண்டான். "ஒரே தாளத்துல தாலாட்டுல்ல பாடியிருக்கே."

குரல் இருந்த ஒலிப்பட்டையைத் தொடவில்லை. படத்தை மட்டும் பிரித்தான். பேச்சின் நீளம் மாறாது. ஒரு இடத்தில் நீட்டினால் இன்னொரு இடத்தில் குறைத்தாக வேண்டும். கடலில் என்ஜின் நின்றுபோன ஒரு படகைப் பற்றி தேவசகாயம் சொல்லும் இடத்தில் வெட்டே இல்லை. அவர் முகத்தையே விட்டுவைத்தான். பாகங்களைச் சொல்லும்போது வால்வு, கை, ஸ்பேனர், சட்சட்டென்று. அப்புறம், "என்ஜினைக் குளுர வச்ச தண்ணி வெளிக்குழாயில வருதான்னு பாருங்க" என்று அவர் நிறுத்தி மூச்சு வாங்குகிறார். அங்கே காய்ந்த குழாய் ஒன்றுதான். அசையாமல், நீளமாக.

மறுநாள் சங்கக் கூடத்தின் ஜன்னல்களைக் கோணியால் மூடிவிட்டு, படத்தையும் குரலையும் சேர்த்து ஓடவிட்டார்கள். முகம் நீண்ட இடத்திலேயே மணவாளன் முணுமுணுக்கத் தொடங்கினார். குழாய் வந்ததும் பொறுமை போய்விட்டது.

"என்னய்யா, சிக்கிக்கிச்சா? வெட்டித் தொலையேன்."

"சும்மா இருங்க சார்."

"யார சும்மா இருக்கச் சொல்ற?"

குழாயில் தண்ணீர் வரவில்லை. கூடத்தில் இருமல் சத்தம்கூட இல்லை. முன்வரிசையில் படகுக்காரர் கலியபெருமாள் பாயிலிருந்து எழுந்தே விட்டார்.

"தண்ணி வரலியே? என்ஜின நிறுத்துடா பாவி, சூடாயி பிஸ்டன் புடிச்சிக்கும்."

"உக்காரு மாமா, மறைக்குது" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

திரையில் தேவசகாயம் அப்போதுதான் வாயைத் திறந்தார்: "உடனே என்ஜினை நிறுத்துங்க."

கூடம் சிரித்தது. சிரிப்பு அடங்குமுன் சின்னச் சின்னத் துண்டுகள் பாய்ந்தன: நெம்புகோல், கை, அடைத்திருந்த பாசி. யாரும் கண்ணை எடுக்கவில்லை.

வெளிச்சம் வந்ததும் மணவாளன் பொன்னுரங்கத்தை முறைத்தார்.

"அந்தக் குழாய் ரொம்ப நேரந்தான்யா."

"ஆமா சார்."

"என்கிட்ட முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல" என்றவர், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "வலை இழுக்குற மெஷின் படம் ஒண்ணு இருக்கு. அதுலயும் ஆளு பேசிக்கிட்டேதான் இருக்கான். வந்து எடுத்துக்கிட்டுப் போ."